பாத்திரத்தில் சோளம் பொரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடியில் உள்ள மணிகள் கருகுகின்றன, மேலே உள்ளவை பொரியவே இல்லை. அடுப்பை எவ்வளவு வைக்க வேண்டும்?

நடுத்தர நெருப்பு போதும். ஆனால் மணிகள் பாத்திரத்தில் விழும்போது எண்ணெய் ஏற்கெனவே சூடாக இருக்க வேண்டும். கருகுவதும் பொரியாமல் நிற்பதும் எதிரெதிரான குறைகளாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து வருவது வழக்கம். மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சூடேறாததே அதற்குக் காரணம்.

பாப்கார்ன் சோளத்தின் ஒவ்வொரு மணியும் தடித்த தோல் போர்த்திய சிறு கொதிகலன். உள்ளே இறுகிய மாவும், மணியின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஈரமும் இருக்கின்றன. சூடேறும்போது அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அழுத்தம் கூட்டுகிறது; மாவு இளகிக் கூழாகிறது. மணி சுமார் 180 டிகிரி செல்சியஸை எட்டும்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்காகி, தோல் கிழிகிறது. அந்தக் கணத்தில் கூழ் நுரைத்து விரிந்து, உடனே குளிர்ந்து இறுகிப் பொரியாகிறது.

மணி மிக மெதுவாகச் சூடேறினால், அது கதிரோடு ஒட்டியிருந்த கூர்முனை வழியாக ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் வெடிப்பதற்கு வேண்டிய அழுத்தம் சேராது. மிக வேகமாகச் சூடேறினாலோ, நடுப்பகுதி மாவு இளகுவதற்கு முன்பே தோல் கிழிந்து, ஒரு பக்கம் மட்டும் மலர்ந்து மறுபக்கம் கல்லாக நிற்கும் அரைப்பொரி கிடைக்கும். குளிர்ந்த எண்ணெயில் எல்லா மணிகளையும் கொட்டிப் பெருநெருப்பில் வைக்கும்போது, அடியில் தொட்டுக்கொண்டிருப்பவை இரண்டாவது குறைக்கும் மேலே கிடப்பவை முதல் குறைக்கும் ஆளாகின்றன. மேலே உள்ளவை பொரியட்டும் என்று நாம் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், முன்பே பொரிந்து அடியில் சிக்கியவை கருகுகின்றன. பொரியாத மணியைவிடப் பொரிந்த பூ மிக எளிதில் கருகும். அதில் ஈரமும் கனமும் இல்லை என்பதால் சூட்டைத் தாங்காது.

அளவுகளோடு ஒரு முறை முழுதாகச் சொல்ல முடியுமா?

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு நாலறை வீவக வீடு; குழாய் எரிவாயு அடுப்பு; 24 சென்டிமீட்டர் அகலமும் நான்கு லிட்டர் கொள்ளளவும் உள்ள, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம். மணி 60 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. இந்த அளவில் மணிகள் பாத்திரத்தின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரவும். அதுதான் சரியான அளவு. கிராம் கணக்கு அவரவர் பாத்திரத்தைப் பொறுத்து மாறும்.

எண்ணெயை ஊற்றி, மூன்று மணிகளை மட்டும் போட்டு, மூடியை வைத்து நடுத்தர நெருப்பில் காத்திருப்பேன். மூன்றும் வெடித்தால் எண்ணெய் தேவையான சூட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். ஒன்று மட்டும் வெடித்தவுடன் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் அந்த ஒரு மணி எதிர்பாராமல் அதிக சூடான இடத்தில் இருந்திருக்கலாம். மூன்று பொரியையும் எடுத்துவிட்டு, மீதி மணிகளைக் கொட்டி, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி மூடியோடு முப்பது விநாடி வைப்பேன். இடையில் இரண்டு மூன்று தடவை குலுக்கினால் எண்ணெய் எல்லா மணிகளிலும் பூசிக்கொள்ளும்.

இந்த முப்பது விநாடியைத்தான் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் எண்ணெயின் சூடு மணிகளுக்குள் பரவுகிறது. அடியில் கிடப்பதும் ஓரத்தில் கிடப்பதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்து, வெடிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே வரிசையாக நிற்கின்றன. மீண்டும் அடுப்பில் ஏற்றியதும் ஒரு நிமிடத்திற்குள் பொரியத் தொடங்கி, அதற்கடுத்த ஒன்றரை நிமிடத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். எல்லாமே ஒரு குறுகிய நேரத்திற்குள் பொரிவதால், முதலில் பொரிந்தவை கடைசி மணிக்காகச் சூட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வார இறுதியில் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்துச் செய்து, மிஞ்சிய மணிகளை எண்ணிப் பார்த்தேன். அறுபது கிராமில் ஏறத்தாழ நானூறு மணிகள் இருக்கும். குளிர்ந்த எண்ணெயில் எல்லாவற்றையும் போட்டுப் பெருநெருப்பில் செய்ததில் 57 மணிகள் பொரியாமல் நின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரு பக்கம் கறுத்திருந்தன. இறக்கி வைத்துச் செய்ததில் 13 நின்றன, கறுத்தது ஒன்றுமில்லை. என் அடுப்பில் ஒரு தடவை எண்ணிய கணக்குதான் இது. உங்கள் வீட்டில் எண்கள் வேறாக வரலாம்.

மூடியை இறுக்கமாக மூட வேண்டுமா, சற்றுத் திறந்து வைக்க வேண்டுமா?

முதல் மூன்று மணிகளுக்கும் அந்த முப்பது விநாடிக்கும் முழுதாக மூடியிருக்கலாம். மணிகள் பொரியத் தொடங்கியதும், மூடியை ஒரு ஓரமாக நகர்த்தி, சுண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி உங்கள் பக்கம் இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் சுவரை நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் வழியாக வருவது முகத்தைச் சுடக்கூடிய ஆவி.

அறுபது கிராம் மணியில் எட்டு கிராமுக்குச் சற்று அதிகமாக நீர் இருக்கிறது. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் அது முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 14 லிட்டர் இடத்தை நிரப்பும். பாத்திரமோ நான்கு லிட்டர். இறுக மூடினால் அந்த ஆவி மூடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து பொரியின் மேல் சொட்டுகிறது. மொறுமொறுப்பாக வர வேண்டியது தோல் போல இழுக்கும். அதே நீர்த்துளி அடியில் உள்ள எண்ணெயில் விழுந்தால் சடசடவென்று தெறிக்கும். “என் பாப்கார்ன் கடையில் வாங்கியது போல மொறுமொறுவென்று வருவதில்லை” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மூடியைப் பற்றித்தான்.

கண்ணாடி மூடி என்றால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: உட்புறம் பனி படர்ந்து உள்ளே எதுவும் தெரியாமல் போனால் இடைவெளி போதவில்லை. எண்ணெய் தெறிக்காமல் இருக்க வாணலியின் மேல் வைக்கும் கம்பி வலை மூடி இருந்தால், இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆவியை விடும், மணியை விடாது. மூடிக்கும் பாத்திரத்திற்கும் நடுவில் துணியைக் கட்டி ஈரத்தை உறிஞ்ச வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எரிவாயு அடுப்பில் அதைச் செய்யாதீர்கள், தொங்கும் நுனியில் தீப்பற்றிக்கொள்ளும்.

குக்கரில் செய்யலாமா? ஊரில் அம்மா அப்படித்தான் செய்வார்கள்.

ஊரில் செய்தவர்கள் பெரும்பாலும் குக்கரின் கனத்த அடிக்காகத்தான் அதை எடுத்தார்கள், அழுத்தத்திற்காக அல்ல. ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, மூடியைப் பூட்டாமல் மேலே சும்மா வைத்துச் செய்தால், அது கனத்த அடியுள்ள இன்னொரு பாத்திரம் மட்டுமே, அதில் தவறில்லை.

மூடியைப் பூட்டி விசிலையும் போட்டுச் செய்வது ஆபத்து. பொரி உப்பி எழுந்து ஆவித் துளையை அடைத்துவிடலாம், உள்ளே தண்ணீர் இல்லாததால் பாத்திரத்தின் சூடும் வரம்பு மீறும். அதனால் பொரிக்குப் பயனும் இல்லை. வெடிக்க வேண்டிய அழுத்தம் மணியின் தோலுக்குள் சேர வேண்டும்; பாத்திரத்தில் அழுத்தம் கூடினால் மணி விரிவதற்கு அது தடையாகத்தான் இருக்கும்.

எப்போது இறக்க வேண்டும்? கடைசி மணி வரை காத்திருக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. கருகல் வாடையில் பெரும்பகுதி அந்தக் கடைசிப் பதினைந்து விநாடியில்தான் வருகிறது.

காதால்தான் கணக்கிட வேண்டும். முதலில் ஒன்றிரண்டாகக் கேட்கும் சத்தம், பிறகு தகரக் கூரையில் கொட்டும் மழை போலத் தொடர்ச்சியாகிவிடும். அப்போது நெருப்பைச் சிறிது தணித்துவிடலாம், பாத்திரத்திலும் எண்ணெயிலும் போதிய சூடு சேர்ந்திருக்கும். பிறகு சத்தம் மெலிந்து, ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விநாடி இடைவெளி விழுந்ததும் அடுப்பை அணைத்து, உடனே அகலமான வேறொரு பாத்திரத்தில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டோம் என்று பொரியை அதிலேயே விட்டுவைப்பதும் தவறுதான். கனத்த அடி இன்னும் ஒரு நிமிடத்திற்குச் சுட்டுக்கொண்டே இருக்கும். கொட்டும்போது ஒன்றிரண்டு மணி வெளியில் துள்ளி வெடிக்கும், குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சத்தம் வேகமாக இருக்கும் நேரம் முழுவதும் பாத்திரத்தை அடுப்புக் கம்பியின் மேலேயே முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டிருப்பது நல்லது. பொரிந்தவை இலேசானவை, மேலே ஏறிவிடும். பொரியாதவை கனமானவை, அடிக்கு இறங்கிச் சூட்டைப் பெறும். முறத்தில் புடைப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கரண்டி விட்டுக் கிளறினால் இந்தப் பிரிவு நடக்காது, மூடியையும் திறக்க வேண்டியிருக்கும்.

நெய், வெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்: எதில் பொரிப்பது?

மணி 180 டிகிரியை எட்ட வேண்டுமானால் எண்ணெய் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். ஆகவே 200 டிகிரியைத் தாண்டிய பிறகே புகையத் தொடங்கும் எண்ணெய்தான் ஏற்றது. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் கடலை எண்ணெயும் இதில் அடங்கும். சுத்திகரித்த தேங்காய் எண்ணெயும் சரிவரும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் 175 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே புகைய ஆரம்பிப்பதால், மணி வெடிப்பதற்கு முன்பே எண்ணெய் கசந்துவிடும்.

வெண்ணெயில் நேராகப் பொரிக்க முடியாது. அதிலுள்ள நீர் முதலில் சீறும், பிறகு பாலின் திடப்பகுதி 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் கறுத்துவிடும். அதே வெண்ணெயை உருக்கி, அந்தத் திடப்பகுதி நீங்கிய நெய்யாக்கினால் 250 டிகிரி வரை தாங்கும். என்னைக் கேட்டால் பாதி நெய், பாதி சூரியகாந்தி எண்ணெய் என்பேன். முழு நெய்யில் செய்தால் ஆறியபின் விரலில் ஒட்டுகிறது. வெண்ணெய் வேண்டுமென்றால் தனியாக உருக்கி, பொரியைக் கொட்டிய பிறகு மேலே விடுங்கள்.

எங்கள் வீட்டில் மின்தூண்டல் அடுப்பு. பாத்திரத்தைத் தூக்கிக் குலுக்கினால் அடுப்பு நின்றுவிடுகிறது.

மின்தூண்டல் அடுப்பு பாத்திரம் மேலே இருக்கும்போது மட்டும் சூடாக்கும் என்பதால் அப்படி நடக்கிறது. கண்ணாடித் தளத்தில் பாத்திரத்தை இழுத்துத் தேய்த்தால் கீறல் விழும். ஆகவே இருபது விநாடிக்கு ஒரு தடவை தூக்கி, மூன்று குலுக்கு குலுக்கி, உடனே வைத்துவிட வேண்டும். அந்தச் சில விநாடி நிறுத்தத்தால் பொரிவது கெடாது.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். எரிவாயுவில் மூன்று நிமிடம் பிடிக்கும் எண்ணெய் இங்கே ஒன்றரை நிமிடத்தில் புகையத் தொடங்கலாம். உச்சநிலையைத் தொடவே வேண்டாம். பத்து நிலைகள் உள்ள அடுப்பானால் ஐந்து அல்லது ஆறில் தொடங்குங்கள். அடி மெல்லிய பாத்திரம் என்றால், உள்ளிருக்கும் சுருளின் வடிவத்திலேயே வட்டமாகச் சூடேறும். பொரித்து முடித்ததும் அடியில் பழுப்பு நிற வளையம் ஒன்று தெரிந்தால் காரணம் அதுதான். வேறு பாத்திரம் இல்லையென்றால் நிலையைக் குறைத்து, இறக்கி வைக்கும் நேரத்தை ஒரு நிமிடமாக்கிப் பாருங்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தை வெறுமையாகச் சூடாக்க வேண்டாம், அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்.

எதுவும் கருகவில்லை, ஆனாலும் ஒரு கைப்பிடி மணி அப்படியே நிற்கிறது. ஏன்?

நின்ற மணியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் மயிரிழை போல வெடிப்பு இருந்தால் ஆவி அதன் வழியாக வெளியேறியிருக்கும்; பையின் அடியில் மிஞ்சும் உடைசல் மணிகள் இப்படித்தான். தோல் முழுதாக, பொன்னிறமாக, கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஈரம் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிளந்து வெள்ளை எட்டிப் பார்த்தால் சூட்டின் வேகம் தவறு என்று முன்பே சொன்னோம்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. அப்படியிருக்க மணி எப்படி உலரும் என்று கேட்பது நியாயம். வாய் திறந்த பையை அலமாரியில் வைத்தால் அது உலராது, ஈரத்தைத்தான் கூடுதலாக இழுக்கும். உலர்த்துவது குளிர்சாதனப் பெட்டி. எறும்புக்கும் வண்டுக்கும் பயந்து நம்மில் பலர் எல்லாவற்றையும் அதற்குள்தான் வைக்கிறோம். அதன் உள்காற்று வறண்டது, பையின் வாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தால் சில வாரங்களில் மணி காய்ந்துவிடும். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் அறையும் அப்படித்தான்.

இரண்டு குறைகளையும் பொரியைப் பார்த்தே பிரித்தறியலாம். காய்ந்த மணி மந்தமான சத்தத்தோடு வெடித்துச் சிறிதாக மலரும், நிறைய மணிகள் நின்றுவிடும். ஈரம் மிகுந்த மணி உரக்கவே வெடிக்கும். ஆனால் பொரி சிறிதாக, கரடுமுரடாக, மென்றால் கடினமாக இருக்கும்.

காய்ந்ததைச் சரிசெய்ய முடியும். ஏறத்தாழ 600 கிராம் மணியை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக மூடி, மணிகளின் மேல் ஈரம் தெரியாமல் போகும்வரை அவ்வப்போது குலுக்குங்கள். பிறகு தினம் ஒருமுறை குலுக்கி, நான்காம் நாள் ஒரு சிறு கைப்பிடியைப் பொரித்துப் பாருங்கள். அவசரப்பட்டு அன்றே பொரித்தால் ஈரம் தோலில்தான் இருக்கும், மாவுக்குள் போயிருக்காது. எண்ணெய் தெறிப்பதுதான் மிச்சம். ஈரம் மிகுந்ததை ஒரு தட்டில் பரப்பி, குளிரூட்டிய அறையில் ஓர் இரவு வைத்தால் போதும். சரியான பிறகு காற்றுப் புகாத ஜாடியில் அலமாரியிலேயே வைத்திருங்கள்.

ஒன்றை முன்பே கேட்டிருக்க வேண்டும்: வாங்கியது பாப்கார்ன் சோளம்தானே? தேக்காவில் ஒரே அலமாரியில் சோள வகைகள் பல அடுத்தடுத்து இருக்கும். இனிப்புச் சோளத்தைக் காயவைத்தாலோ, பெரிய மணியுள்ள சாதாரண மக்காச்சோளத்தை வாங்கினாலோ எந்த முறையும் உதவாது. அவற்றின் தோலும் மாவும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் வகையில் அமைந்தவை அல்ல.

உப்பு, மிளகாய்த்தூள், சர்க்கரையை எப்போது சேர்ப்பது?

நைசான உப்பை எண்ணெயோடு தொடக்கத்திலேயே சேர்க்கலாம். பொரி முழுவதும் சீராகப் பிடிக்கும். கல் உப்பு அடியிலேயே தங்கிவிடும், அதைப் பொடித்துப் பிறகு தூவுவது மேல். மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் மசாலாப் பொடிகளும் அந்தச் சூட்டில் சில விநாடிகளில் கருகி மூச்சை அடைக்கும் காரப்புகையைக் கிளப்பும், எனவே பொரியைக் கொட்டி, கொஞ்சம் உருக்கிய நெய் விட்டு, அதன் மேல் தூவிக் குலுக்குங்கள்.

சர்க்கரைதான் சிக்கலானது. மணி வெடிக்க வேண்டிய சூடும் சர்க்கரை உருகிப் பழுக்கும் சூடும் மிக அருகருகே இருக்கின்றன. வெல்லத்திற்கும் அது பொருந்தும். முதல் சில மணிகள் வெடித்ததும் 60 கிராம் மணிக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை தூவி, மூடி, நிறுத்தாமல் குலுக்கிக்கொண்டே இருந்து, வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். சில மணிகள் கூடுதலாக நிற்கும். அதை ஏற்றுக்கொள்ளாதவர் வெல்லப் பாகைத் தனியாகக் காய்ச்சி, கார்த்திகைப் பொரி உருண்டைக்குச் செய்வதுபோலப் பொரியின் மேல் ஊற்றிப் புரட்டுவது நல்லது.

எண்ணெய் புகைகிறது. என்ன செய்வது? தீ எச்சரிக்கைக் கருவி அலறிவிடுமே!

மெல்லிய புகை இழை ஒன்று தெரிந்த அளவிலேயே அடுப்பை அணைத்து, மூடி வைத்துவிட்டுக் காத்திருங்கள். புகையும் எண்ணெயில் மணிகளைப் போட்டால் தோல் உடனே கருகும், சத்தமும் தாறுமாறாக இருக்கும். எண்ணெய் ஆறியபின் முகர்ந்து பாருங்கள்; கசந்த வாடை இருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் சிக்கனம்.

2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் கட்டப்படும் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், புது வீட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒரே ஒரு தடவை அலறியது. நான் தொலைபேசியில் பேசிக்கொண்டே எண்ணெயை மறந்த மாலை அது. எதிர்வீட்டு மலாய் அம்மா கதவைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, நான் கையில் மூடியோடு நிற்பதைக் கண்டு சிரித்துவிட்டுப் போனார். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். அலறல் தொல்லை என்று கருவியைக் கழற்றி வைக்காதீர்கள்.

எண்ணெயில் தீயே பற்றிவிட்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடவும் வேண்டாம். அடங்காவிட்டால் வெளியேறி 995-ஐ அழையுங்கள்.

வெள்ளைச் சோளத்தையும் நெல்லையும் இதே முறையில் பொரிக்கலாமா?

வெள்ளைச் சோளத்தைப் பொரிக்கலாம், ஆனால் எண்ணெய் வேண்டாம். மணி சிறியது என்பதால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு கனத்துவிடும். கனத்த இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, நான்கு மணிகளை இட்டு, அவை சில விநாடிகளில் வெடிக்கின்றனவா என்று பார்த்தபின், இரண்டு மேசைக்கரண்டி மட்டும் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்திற்குள் ஒரு ஈடு முடிந்துவிடும். உடனே கொட்டிவிட்டு அடுத்த ஈட்டைப் போடலாம். பாப்கார்ன் சோளம் அளவுக்கு எல்லா மணிகளும் பொரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு நின்றாலும் வியப்பில்லை. வறுபட்டு நின்றவற்றை நான் மாவாக அரைத்துக் கஞ்சிக்குப் பயன்படுத்துகிறேன்.

நெல்லின் கதை வேறு. ஊரில் பொரிப்பவர்கள் சூடான மணலில் போட்டுப் பொரித்து, சல்லடையில் சலித்து மணலையும் உமியையும் நீக்குவார்கள். மணியின் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் சூடு தொட வேண்டும் என்பதே மணலின் வேலை; நம் பாத்திரத்தில் எண்ணெய் செய்வதும் அதையேதான். அடுக்குமாடி வீட்டில் மணலோடும் உமியோடும் போராடுவதைவிட, கார்த்திகைக்கும் ஆயுத பூசைக்கும் தேக்காவில் பொரியை வாங்குவதையே நான் சொல்வேன். வாங்கிய பொரி நமத்துப்போயிருந்தால் வெறும் வாணலியில், மூடாமல், சிறு நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

ஒன்றிரண்டு கருகிவிட்டால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா?

கொட்ட வேண்டியதில்லை, ஆனால் விரைவாகச் செயல்பட வேண்டும். பொரி பஞ்சு போன்றது. கருகல் வாடையைச் சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொள்ளும். மேலே உள்ளவற்றை மட்டும் கையால் அள்ளி வேறு தட்டுக்கு மாற்றுங்கள். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அடியில் உள்ள கரித்தூள் எல்லாவற்றின் மேலும் விழும். அள்ளியதில் ஒன்றை ஆறவிட்டு வாயில் போட்டுப் பாருங்கள். நாக்கின் அடியில் கசந்தால் மற்றதும் கசக்கும், அப்போது கொட்டிவிடலாம்.